ஏழு பேர், ஒரு 210 வினாடி: t சோதனையை விட்டுத் தரவரிசைச் சோதனைக்குப் போவது எப்போது, முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுவது எப்படி

"மாதிரி 30-க்குக் கீழே இருந்தால் t சோதனை கூடாது." "தரவு சாய்ந்திருந்தால் மான்–விட்னி போட்டுவிடு." "மான்–விட்னி என்றால் இடைநிலைகளை ஒப்பிடுவது." ஆய்வேடு எழுதுகிறவர்களிடையே இந்த மூன்று வாக்கியங்களும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அப்படியே நம்பினால், தவறான சோதனையையோ சரியான சோதனைக்குத் தவறான விளக்கத்தையோ எழுதிவிடுவோம்.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு சூழலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இரண்டு தனித்தனிக் குழுக்கள், ஒவ்வொன்றிலும் சிலர் மட்டுமே, எண்கள் ஒரு பக்கமாக நீண்டு கிடக்கின்றன. அங்கே என்ன செய்வது, ஏன் செய்வது, செய்ததை எப்படி எழுதுவது என்பதைப் பதினான்கு எண்களை வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக உருவாக்கப்பட்டவை. கணக்கைக் கையாலேயே சரிபார்க்கலாம்.

## பதினான்கு எண்கள்

ஒரு படிவத்தின் பழைய வடிவமும் புதிய வடிவமும் இருக்கின்றன. பதினான்கு பேரைக் குலுக்கல் முறையில் ஏழு ஏழாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வடிவத்தைக் கொடுக்கிறோம். நிரப்பி முடிக்க எத்தனை வினாடி ஆனது என்று குறிக்கிறோம்.

பழையது: 41, 48, 55, 63, 72, 90, 118

புதியது: 29, 31, 33, 36, 38, 44, 210

கணக்குப் போடுவதற்கு முன் எண்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள். புதிய படிவத்தில் ஆறு பேர் 44 வினாடிக்குள் முடித்துவிட்டார்கள். பழைய படிவத்தில் 44-க்குள் முடித்தவர் ஒருவர்தான். புதியதில் ஒரே ஒருவர் மட்டும் எங்கோ சிக்கிக்கொண்டு 210 வினாடி எடுத்திருக்கிறார்.

நேரம் சம்பந்தப்பட்ட தரவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே யாரும் போக முடியாது, மேலே வரம்பு கிடையாது. அதனால் எண்கள் இடப்பக்கம் நெருங்கியும் வலப்பக்கம் வாலாக நீண்டும் கிடக்கும். இந்த ஒருபக்கச் சாய்வுக்குத்தான் கோட்டம் என்று பெயர். செலவு, காத்திருக்கும் காலம், இரத்தத்தில் ஒரு பொருளின் செறிவு எல்லாமே இந்த இனம்.

## t சோதனை இதை எப்படிப் பார்க்கிறது

t சோதனை இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தை எடுத்து, அந்த வித்தியாசம் எவ்வளவு ஆடக்கூடியது என்ற அளவால் வகுக்கிறது. வகுத்து வரும் எண்தான் t. வித்தியாசம் பெரிதாகவும் ஆட்டம் சிறிதாகவும் இருந்தால் t பெரிதாகும். அந்த ஆட்டத்தைத் திட்ட விலக்கத்திலிருந்து கணக்கிடுகிறோம். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவே திட்ட விலக்கம்.

நம் தரவில் பழைய படிவத்தின் சராசரி 69.6 வினாடி, திட்ட விலக்கம் 26.8. புதியதன் சராசரி 60.1, திட்ட விலக்கம் 66.3. அந்த 66.3 எங்கிருந்து வந்தது? ஆறு பேர் 29-க்கும் 44-க்கும் நடுவே நெருங்கி நிற்கும் குழுவில், 210 என்ற ஒற்றை எண்ணிலிருந்து வந்தது. சராசரியை மேலே இழுத்ததும் அதுவே.

இரு குழுவின் சிதறலும் சமமாக இருக்கவேண்டும் என்று கேட்காத வெல்ச் வகை t சோதனையைப் போட்டால் t = 0.35 வருகிறது, p = 0.74. குழுக்களுக்கிடையே உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இந்த அளவு, அல்லது இதைவிடப் பெரிய, வித்தியாசம் தற்செயலாக வருவதற்கான வாய்ப்பே p. 0.74 என்றால் கவனிக்க எதுவுமில்லை என்றுதான் வாசிப்போம். ஆனால் எண்களைக் கண்ணால் பார்த்தபோது நமக்குத் தோன்றியது அதுவல்ல.

பலருக்கும் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. அந்த 210-ஐ 2,100 ஆக்கினால் t பெரிதாகி p சிறிதாகிவிடும் என்று நினைப்போம். அப்படி ஆகாது. ஒற்றை எண்ணை இழுக்க இழுக்க, மேலே உள்ள வித்தியாசமும் கீழே உள்ள ஆட்டமும் ஒரே வேகத்தில் வளரும். அதனால் t-இன் அளவு, குறியை விட்டுப் பார்த்தால், 1-ஐ நெருங்கி அங்கேயே நின்றுவிடும். சிறிய மாதிரியில் ஒரு தொலைதூர எண் தன் குழுவின் சராசரியையும் கெடுத்து, சோதனையின் கண்ணையும் மங்கவைக்கிறது.

பெரிய மாதிரியில் இந்தச் சிக்கல் தணியும். எண்கள் நிறைய இருந்தால், தனித்தனி எண்கள் சாய்ந்திருந்தாலும் அவற்றின் சராசரி ஏறக்குறைய மணி வடிவ இயல்நிலைப் பரவலைப் பின்பற்றத் தொடங்கும். 30 என்ற எண் இந்தக் கருத்திலிருந்து பிறந்த கட்டைவிரல் விதி, அவ்வளவுதான். லேசான கோட்டத்துக்கு 15 போதலாம், கடுமையான கோட்டத்துக்கு 100-உம் போதாமல் போகலாம். 29-க்கும் 31-க்கும் நடுவே சுவர் எதுவும் இல்லை.

இதுவரை பார்த்தது: t சோதனை சராசரியை நம்பியிருக்கிறது. சிறிய, சாய்ந்த மாதிரியில் ஓர் எண்ணே சராசரியையும் சிதறலையும் ஒருசேரப் புரட்டிவிடும். மாதிரி சிறியது என்பது மட்டும் குற்றமில்லை. சிறியதும் சாய்ந்ததும் சேரும்போதுதான் சிக்கல்.

## கடிகாரத்தை எடுத்துவிட்ட ஓட்டப்பந்தயம்

ஓர் ஓட்டப்பந்தயத்தில் கடிகாரம் இல்லை, முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்ற வரிசை மட்டும் குறிக்கப்படுகிறது என்று வையுங்கள். கடைசியாக ஓடியவர் கால் சுளுக்கி ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும், அரை நிமிடம் பின்தங்கி வந்தாலும், அவர் கடைசிதான். மற்றவர்களின் இடம் மாறாது.

தரவரிசைச் சோதனைகள் செய்வது இதைத்தான். எண்களை விட்டுவிட்டு அவற்றின் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. அந்த இடத்துக்குத் தர எண் என்று பெயர். இரண்டு தனிக் குழுக்களுக்கான சோதனையை ஃபிராங்க் வில்காக்சன் 1945-இல் வெளியிட்டார். மானும் விட்னியும் 1947-இல் அதையே வேறு கோணத்திலிருந்து விரித்து எழுதினார்கள். அதனால்தான் ஒரே சோதனை சில மென்பொருளில் மான்–விட்னி என்றும் சிலவற்றில் வில்காக்சன் தரக்கூட்டுச் சோதனை என்றும் வருகிறது. வில்காக்சன் பெயரில் இன்னொரு சோதனையும் உண்டு. அது ஒரே ஆளை முன்னும் பின்னும் அளந்த இணைத் தரவுக்கானது. பெயரைப் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொள்ளும் தவறு அடிக்கடி நடக்கிறது.

நம் பதினான்கு எண்களையும் குழு பார்க்காமல் சிறியதிலிருந்து பெரியதாக ஒரே வரிசையில் நிறுத்துவோம். 29-க்கு 1, 31-க்கு 2 என்று போனால், புதிய படிவத்தின் ஏழு பேருக்கும் கிடைக்கும் தர எண்கள் 1, 2, 3, 4, 5, 7, 14. பழைய படிவத்துக்கு 6, 8, 9, 10, 11, 12, 13.

கூட்டினால் புதியது 36, பழையது 69. இரண்டும் சேர்ந்து 105. ஒன்றிலிருந்து பதினான்கு வரை கூட்டினாலும் 105 வரவேண்டும், வருகிறது. கையால் செய்யும்போது இந்தச் சரிபார்ப்பை விட்டுவிடாதீர்கள்.

210 என்ற எண் இப்போது 14 என்ற இடமாகிவிட்டது. அது 130 ஆக இருந்தாலும் 14, 2,100 ஆக இருந்தாலும் 14. தர எண்கள் கோட்டத்துக்கு அசைந்துகொடுக்காததன் காரணம் இதுதான்.

இரண்டு எண்கள் சமமாக வந்தால் அவை நிற்கும் இடங்களின் சராசரியை இரண்டுக்கும் கொடுக்கவேண்டும். ஐந்தாவதும் ஆறாவதும் சமம் என்றால் இரண்டுக்கும் 5.5.

### U என்பது வெற்றிகளின் எண்ணிக்கை

தரக்கூட்டிலிருந்து ஓர் எளிய கழித்தல். ஏழு பேர் கொண்ட குழுவுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய கூட்டு 1 முதல் 7 வரை, அதாவது 28. அதைக் கழித்தால் புதியதுக்கு 36 − 28 = 8, பழையதுக்கு 69 − 28 = 41. இந்த எண்களுக்கு U என்று பெயர்.

U-வுக்கு நேரடியான பொருள் உண்டு. பழையதிலிருந்து ஒருவர், புதியதிலிருந்து ஒருவர் என்று சாத்தியமான எல்லா ஜோடிகளையும் போட்டால் 7 × 7 = 49 ஜோடி. அவற்றில் 41 ஜோடிகளில் பழைய படிவக்காரர் அதிக நேரம் எடுத்திருக்கிறார், 8 ஜோடிகளில் புதிய படிவக்காரர். அந்த எட்டையும் எண்ணிப் பார்க்கலாம். 210 வினாடிக்காரர் பழைய ஏழு பேரையும் தாண்டுகிறார், 44 வினாடிக்காரர் 41-ஐத் தாண்டுகிறார். ஏழும் ஒன்றும் எட்டு.

41-ஐ 49-ஆல் வகுத்தால் 0.84. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், எழுதும்போது தேவைப்படும்.

## p எங்கிருந்து வருகிறது

இரண்டு படிவங்களுக்கும் எந்த வேறுபாடும் இல்லை என்று வைத்துக்கொண்டால், யாருக்கு எந்தத் தர எண் போனது என்பது வெறும் சீட்டுக் குலுக்கல். ஒன்று முதல் பதினான்கு வரை எழுதிய பதினான்கு சீட்டுகளைக் கலைத்து ஏழு எடுக்கிறோம். அப்படி எடுக்க 3,432 வழிகள் இருக்கின்றன, எல்லாமே சம வாய்ப்பு.

அவற்றில் எத்தனை வழிகளில் எடுத்த ஏழு சீட்டின் கூட்டு 36 அல்லது அதற்கும் குறைவாக வரும்? எண்ணிப் பார்த்தால் 65. எதிர்ப்பக்கம், அதாவது 69 அல்லது அதற்கும் மேல் வருவதும் அதே 65. மொத்தம் 130. 130-ஐ 3,432-ஆல் வகுத்தால் 0.038. இதுதான் துல்லிய p. மணி வடிவ வளைவோ, திட்ட விலக்கமோ, எண்களின் பரவல் பற்றிய அனுமானமோ இதில் எங்கும் நுழையவில்லை. எண்ணிக்கை மட்டும்தான்.

இதே எண்ணிக்கையில் ஒரு கடுமையான எல்லையும் ஒளிந்திருக்கிறது. குழுவுக்கு மூன்று பேர் மட்டும் என்றால் மொத்த வழிகள் 20. ஒரு குழு முழுவதும் இன்னொன்றுக்குக் கீழே நின்றாலும், அதாவது இதைவிடத் தெளிவான வேறுபாடு இருக்கவே முடியாது என்றாலும், இருபக்க p-இன் மிகச் சிறிய மதிப்பு 2/20 = 0.10. அதாவது மூன்றுக்கு மூன்று வைத்து மான்–விட்னி போட்டு 0.05-ஐ எட்டவே முடியாது. நான்குக்கு நான்கு என்றால் மிகச் சிறியது 2/70, அதாவது 0.029. மூன்றே மாதிரி வைத்த ஆய்வகச் சோதனைகளில் "வேறுபாடு இல்லை" என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போது முதலில் இதைக் கவனியுங்கள். அங்கே சோதனையால் வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது.

இதுவரை பார்த்தது: எண்களை இடங்களாக மாற்றினோம், ஒரு குழு மற்றதை எத்தனை ஜோடிகளில் வென்றது என்று எண்ணினோம், குலுக்கலில் இது எவ்வளவு அரிது என்று பார்த்தோம். அதே தரவுக்கு t சோதனை 0.74 என்றது, தரவரிசைச் சோதனை 0.038 என்கிறது. இரண்டில் எதுவும் கணக்குப் பிழை செய்யவில்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன.

## இடைநிலைகளை ஒப்பிடுகிறது என்பது ஏன் தவறு

எண்களை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பது இடைநிலை. மான்–விட்னி இரண்டு இடைநிலைகளை ஒப்பிடுகிறது என்று பாடக்குறிப்புகளிலும் எழுதுகிறார்கள். ஒரு சிறிய எதிர் உதாரணம் போதும்.

ஒரு குழு: 10, 20, 50, 51, 52. இன்னொன்று: 48, 49, 50, 90, 95. இரண்டின் இடைநிலையும் 50. ஆனால் 25 ஜோடிகளில் இரண்டாவது குழு 16-இல் வெல்கிறது, ஒன்றில் சமம். சமத்துக்கு அரை மதிப்பு கொடுத்தால் 16.5/25 = 0.66. இடைநிலைகள் துல்லியமாகச் சமமாக இருந்தும் மான்–விட்னி ஒரு பக்கம் சாய்கிறது. இதே வடிவத்தில் ஆட்கள் பலமடங்கு இருந்தால் p மிகச் சிறியதாகவும் ஆகிவிடும், இடைநிலைகள் அப்போதும் சமமாகவே இருக்கும்.

இந்தச் சோதனை கேட்கும் உண்மையான கேள்வி இது: ஒரு குழுவிலிருந்து ஒருவரையும் மற்றதிலிருந்து ஒருவரையும் குலுக்கி எடுத்தால், குறிப்பிட்ட ஒரு பக்கத்தின் எண் பெரிதாக இருக்கும் போக்கு இருக்கிறதா? இரு குழுவின் பரவலும் ஒரே வடிவத்தில் இருந்து, ஒன்று மற்றதிலிருந்து நகர்ந்து மட்டும் இருந்தால், இந்தக் கேள்வியும் இடைநிலைக் கேள்வியும் ஒன்றாகிவிடும். அந்த நிபந்தனை இருக்கிறது என்று ஏழு எண்ணை வைத்துக் காட்டுவது கடினம். ஆகவே பாதுகாப்பான சொல் "பொதுவாகக் குறைவு" அல்லது "பொதுவாக அதிகம்".

வடிவம் மிகவும் மாறுபட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு குழு குறுகலாகவும் மற்றது மிக அகலமாகவும் இருந்தால், குறிப்பாக ஆட்களின் எண்ணிக்கையும் சமமில்லாதபோது, இந்தச் சோதனையின் p-ஐயும் முழுதாக நம்ப முடியாது. தரவரிசைச் சோதனைக்கு அனுமானமே கிடையாது என்ற பேச்சு உண்மையல்ல. இயல்நிலைப் பரவல் தேவையில்லை என்பதே உண்மை. ஒவ்வொரு எண்ணும் மற்றதைச் சாராமல் தனியாக வந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை t சோதனைக்கு எப்படியோ அப்படியே இதற்கும் உண்டு. ஒரே ஆளை மூன்று முறை அளந்து மூன்று பேராக எண்ணினால் எந்தச் சோதனையும் காப்பாற்றாது.

## எப்போது எதை எடுப்பது

முதலில் கேள்வியைப் பார்க்கவேண்டும், பிறகுதான் தரவின் வடிவத்தை. மொத்தத்தில் எவ்வளவு ஆகும் என்பது கேள்வியானால் சராசரிதான் வேண்டும். ஆயிரம் பேருக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் செலவாகும் என்று திட்டமிடுகிறவருக்கு அந்த 210 வினாடியும் கணக்கில் வந்தாகவேண்டும். அவரிடம் போய் "பொதுவாகக் குறைவு" என்று சொன்னால் பயனில்லை. அங்கே தரவரிசைச் சோதனை, அவர் கேட்காத கேள்விக்கு விடை சொல்லும். வழக்கமாக ஒருவருக்கு எந்தப் படிவம் விரைவானது என்பது கேள்வியானால் தரவரிசைச் சோதனை பொருந்தும்.

அடுத்து, அளக்கப்படும் பொருளைப் பற்றி ஏற்கெனவே என்ன தெரியும் என்று பாருங்கள். நேரம், செலவு, செறிவு போன்றவை சாய்ந்திருக்கும் என்பது தரவு சேகரிப்பதற்கு முன்பே தெரிந்த செய்தி. அதனால் எந்தச் சோதனை என்பதையும் அப்போதே முடிவுசெய்து எழுதி வைத்துவிடலாம், வைக்கவேண்டும்.

பலர் இதற்குப் பதிலாக ஒரு குறுக்குவழி எடுக்கிறார்கள். தரவு இயல்நிலையில் இருக்கிறதா என்று ஷாபிரோ–வில்க் சோதனை போட்டு, p 0.05-க்கு மேல் வந்தால் t, கீழே வந்தால் மான்–விட்னி. ஏழு எண்ணில் இது பெரும்பாலும் உதவாது. அந்தச் சோதனைக்கும் தரவு வேண்டும். மாதிரி சிறியதாக இருக்கும்போது மிதமான கோட்டத்தை அது கண்டுபிடிக்காமல் விட்டுவிடும். அதாவது எச்சரிக்கை எங்கே அதிகம் தேவையோ அங்கே மௌனமாக இருக்கும். மாதிரி பெரிதாக இருக்கும்போதோ, t சோதனைக்குத் தீங்கே செய்யாத சின்ன விலகலுக்கும் கூச்சல் போடும்.

இதைவிட மோசமானது, இரண்டு சோதனையையும் போட்டுப் பார்த்து p சிறியதாக வந்ததை மட்டும் எழுதுவது. நம் எடுத்துக்காட்டில் 0.74-உம் 0.038-உம் வந்தன. எண்களைப் பார்த்த பிறகு 0.038-ஐத் தேர்ந்தெடுத்தால் அந்த p சொல்லும் வாய்ப்பு இனி உண்மையல்ல. இங்கே இரண்டையும் காட்டியது எப்படி வேலை செய்கின்றன என்று விளக்கத்தான்.

தரவு சிறியதாக இருந்தாலும் இரு பக்கமும் சமச்சீராக, தொலைவில் நிற்கும் எண் இல்லாமல் இருந்தால் t சோதனையைக் கைவிடத் தேவையில்லை. மறுபக்கம், தரவு உண்மையிலேயே இயல்நிலையில் இருந்து நாம் அநாவசியமாக மான்–விட்னி எடுத்தால் இழப்பு எவ்வளவு? பெரிய மாதிரிகளில் அதன் திறன் t சோதனையின் 95 சதவீதம் (துல்லியமாக 3/π). t-க்கு 95 பேர் போதும் என்ற இடத்தில் இதற்கு 100 பேர் வேண்டும், அவ்வளவுதான். சாய்ந்த தரவில் கிடைக்கும் பாதுகாப்போடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய விலை.

இன்னொரு வழியும் இருக்கிறது, இங்கே தொட்டுவிட்டுப் போகிறேன். எண்களுக்கு மடக்கை எடுத்து அதன் மேல் t சோதனை போடலாம். பூஜ்யம் இல்லாத, நீண்ட வால் கொண்ட தரவில் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் முடிவை "இத்தனை வினாடி வித்தியாசம்" என்று சொல்ல முடியாது, "இத்தனை மடங்கு" என்றுதான் சொல்லவேண்டும்.

## கணினியில் போடும்போது

ஆர் மொழியில் இவ்வளவுதான்:

```r
old <- c(41, 48, 55, 63, 72, 90, 118)
new <- c(29, 31, 33, 36, 38, 44, 210)
wilcox.test(old, new)
```

விடையாக `W = 41, p-value = 0.03788` என்று வரும். இங்கே முதன்முறை செய்பவர்கள் தடுமாறுகிறார்கள். கையால் போட்டபோது 8 வந்தது, கணினி 41 என்கிறதே? ஆர் தருவது முதலில் எழுதிய குழுவின் U. இரண்டையும் இடம் மாற்றி `wilcox.test(new, old)` என்று எழுதினால் 8 வரும், p மாறாது. வேறு சில மென்பொருள்கள் W என்ற எழுத்தில் தரக்கூட்டையே, அதாவது 36-ஐ, தருகின்றன. மூன்றும் ஒரே செய்திதான். உங்களிடம் இருப்பது எது என்று சரிபார்க்க ஒரு வழி: இரண்டு U-க்களையும் கூட்டினால் குழு அளவுகளின் பெருக்கல் வரவேண்டும், 8 + 41 = 49.

எக்செலில் இந்தச் சோதனைக்கு நேரடிச் சூத்திரம் இல்லை. ஆனால் `RANK.AVG` தர எண்களைத் தரும். ஏறுவரிசைக்குக் கடைசி மதிப்பாக 1 கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் பெரிய எண்ணுக்கு முதல் தரம் போய்விடும். கூட்டிக் கழித்துச் சிறிய U-வை எடுத்துப் பட்டியலோடு ஒப்பிடலாம். ஏழுக்கு ஏழு, இருபக்கம், 0.05 என்ற கட்டத்தில் எல்லை மதிப்பு 8. நம் U அதை எட்டிவிட்டது, ஆனால் விளிம்பில்தான் நிற்கிறது.

சம எண்கள் இருந்தால் ஆர் மொழியின் பல பதிப்புகள், துல்லிய p-ஐக் கணக்கிட முடியவில்லை என்று எச்சரித்துவிட்டுத் தோராயக் கணக்குக்கு மாறிக்கொள்ளும். நம் தரவுக்கே தோராயம் போட்டால் 0.038-க்குப் பதில் 0.041 வரும். இங்கே முடிவு மாறவில்லை. ஆனால் நான்கு ஐந்து பேர் உள்ள குழுவில் அந்த இடைவெளி பெரிதாகலாம். அதனால் எந்த வகை p என்பதை எழுதுவது வழக்கமாகவேண்டும். சம எண்கள் இருந்தும் துல்லிய p வேண்டுமானால் `coin` தொகுப்பின் `wilcox_test`-இல் `distribution = "exact"` என்று கேட்கலாம்.

## அந்த ஒரு வாக்கியம்

அதிகம் பார்க்கக் கிடைக்கும் வாக்கியம் இது: "புதிய படிவத்தின் நேரம் (60.1 ± 66.3) பழையதைவிட (69.6 ± 26.8) குறிப்பிடத்தக்க அளவு குறைவு (p < 0.05)."

இதில் மூன்று குறைகள். சோதித்தது தர எண்களை, காட்டியிருப்பது சராசரியையும் திட்ட விலக்கத்தையும். படிப்பவர் 60-ஐயும் 70-ஐயும் பார்த்து, இவ்வளவு பெரிய சிதறலில் இது எப்படிக் குறிப்பிடத்தக்கது என்று திகைப்பார். 60.1 ± 66.3 என்றாலே கீழ்முனை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது, நேரத்துக்கு அது பொருளற்றது. எந்தச் சோதனை, எத்தனை பேர், p எவ்வளவு என்பதும் இல்லை.

சோதனையோடு பொருந்தும் எண்களை எடுப்போம். இடைநிலை: பழையது 63, புதியது 36. சிதறலுக்குக் கால்மான வீச்சு, அதாவது நடுப்பாதி ஆட்கள் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை நிற்கிறார்கள் என்பது. ஆர் மொழியின் இயல்பான முறையில் பழையது 51.5–81, புதியது 32–41. கால்மானத்தைக் கணக்கிடப் பல முறைகள் உண்டு. ஏழு எண்ணில் அவை கொஞ்சம் மாறுபடும், பதற வேண்டாம். இவற்றோடு U, p, நினைவில் வைக்கச் சொன்ன அந்த 0.84. எல்லாம் சேர்ந்தால்:

> "புதிய படிவத்தை நிரப்ப ஆன நேரம் (இடைநிலை 36 வினாடி, கால்மான வீச்சு 32–41, n = 7) பழைய படிவத்துக்கு ஆனதைவிட (இடைநிலை 63 வினாடி, கால்மான வீச்சு 51.5–81, n = 7) பொதுவாகக் குறைவாக இருந்தது (மான்–விட்னி சோதனை, U = 8, இருபக்கத் துல்லிய p = 0.038), இரு குழுவிலிருந்தும் ஒவ்வொருவரை ஒப்பிட்ட 49 ஜோடிகளில் 84 சதவீதத்தில் பழைய படிவமே அதிக நேரம் எடுத்தது."

அடைப்புக்குள் இருக்கும் எண்களை யார் வேண்டுமானாலும் மீண்டும் கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். "பொதுவாகக் குறைவு" என்ற சொல் சோதனை உண்மையில் கேட்ட கேள்வியோடு நிற்கிறது. 84 சதவீதம் வேறுபாட்டின் பருமனைச் சொல்கிறது. p அதைச் சொல்லாது. ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் 52 சதவீத வேறுபாட்டுக்கும் p மிகச் சிறியதாக வரும்.

p 0.05-க்கு மேல் வந்திருந்தால்? 44 வினாடிக்காரர் 56 வினாடி எடுத்திருந்தார் என்று வையுங்கள். அவர் இப்போது 41, 48, 55 ஆகிய மூன்றையும் தாண்டுவார், U எட்டிலிருந்து 10 ஆகும், p 0.073 ஆகும். அப்போதும் வாக்கியத்தின் உடல் அதேதான். "குறைவாக இருந்தது" என்ற இடத்தில் "குறைவாகத் தெரிந்தாலும், இந்த மாதிரியில் தற்செயலை விலக்கப் போதிய ஆதாரம் இல்லை" என்று வரும். "இரண்டுக்கும் வேறுபாடு இல்லை" என்று எழுதக்கூடாது. ஒருவர் பன்னிரண்டு வினாடி தாமதித்ததால் இரு படிவங்களும் ஒன்றாகிவிடாது.

இன்னும் ஒன்று பாக்கி. இடைநிலையும் கால்மான வீச்சும் காட்டிய அந்த வாக்கியத்தில் 210 எங்குமே இல்லை. தரவரிசைச் சோதனை அவரை 14-ஆவது இடத்தில் உட்காரவைத்தது, கால்மானம் அவரை வெளியே விட்டுவிட்டது. விதிமுறைப்படி எல்லாம் சரி, ஆனால் படிப்பவருக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது. குழுவுக்கு ஏழு பேர் என்னும்போது பதினான்கு எண்களையும் புள்ளிகளாக ஒரு படத்தில் வைப்பது எளிது. அதற்கு இடமில்லையென்றால் வாக்கியத்தை அடுத்து இதையும் எழுதுங்கள்: "புதிய படிவத்தில் ஒருவர் 210 வினாடி எடுத்தார், அவரும் பகுப்பாய்வில் சேர்க்கப்பட்டுள்ளார்." புதிய படிவம் ஏழில் ஒருவரை எங்கே சிக்கவைத்தது என்று தேட விரும்புகிறவருக்கு, p-ஐவிட அந்த வரிதான் பயன்படும்.